சர்வேயர் என்றால் காணி அளக்கிறவர்தானே?

கட்டாரிலிருந்து வந்த செய்தியின் முதல் கேள்வியே, டோட்டல் ஸ்டேஷன் கருவியில் எத்தனை வருட அனுபவம் என்பதுதான். நிலம் அளக்கிற அந்தக் கருவியை வீதி போடுகிற இடங்களில் மூன்று காலில் நிற்கக் கண்டிருக்கிறேன், தொட்டது கூட இல்லை. அதற்கு முந்திய வாரம் துபாயில் கட்டட வேலைக்கு குவான்டிட்டி சர்வேயர் தேவை, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று இன்னொருவர். அதற்கும் முன்னே, கப்பலில் ஏறி வேலை செய்ய ஆள் தேடுகிற முகவர் ஒருவர் என்னை மாலுமி என்று நினைத்துப் பேசிக்கொண்டே போனார். நாலு மாதத்தில் லிங்க்ட்இன் வழியாக ஏழு செய்திகள் வந்தன, ஏழும் வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியவை. அவர்கள் சரியாக வாசிக்கவில்லை என்று கன நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் என் பக்கத்தை நானே ஒழுங்காக வாசித்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு, முக்கியமாகச் சீனக்குடாப் பக்கம், கோதுமையும் கிளிங்கரும் கப்பல் கப்பலாக வருகின்றன. கிளிங்கர் என்பது அரைத்தால் சீமெந்தாகிற உருண்டைக் கற்கள். ஐம்பதாயிரம் தொன் கப்பலில் வந்தது உண்மையில் எத்தனை தொன் என்று எப்படித் தெரியும்? தராசில் ஏற்ற முடியாது. கப்பலின் முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும் ஆக ஆறு இடங்களில் எழுதியிருக்கிற நீர்மட்டக் குறிகளை இறக்குவதற்கு முன் ஒருதரம், இறக்கி முடிந்த பின் ஒருதரம் வாசிக்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் எடுத்து, இரண்டு தரமும் கப்பலின் எடையைக் கணித்து, கப்பலுக்குள் இருக்கிற பாலாஸ்ட் தண்ணீர், எண்ணெய், குடிநீர் எல்லாவற்றையும் கழித்து, முன் வந்ததிலிருந்து பின் வந்ததை எடுத்தால் சரக்கின் எடை வரும். இதற்குப் பெயர் டிராஃப்ட் சர்வே. ஒரு சோதனை நிறுவனத்துக்காக ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன். அலை அடிக்கும்போது சின்னப் படகில் நின்றுகொண்டு ஒரு சென்டிமீட்டருக்காகப் பத்து நிமிஷம் குறியையே பார்த்துக்கொண்டிருப்பது இந்த வேலையில் சாதாரணம்.

இந்த வேலைக்கு வளைகுடாத் துறைமுகங்களில் ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், கூட வேலை செய்தவர்கள் போயிருக்கிறார்கள். அப்படியிருக்க என்னை ஏன் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை?

விடை சொன்னது என் மச்சாள். கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கிற வேலை அவளுக்கு, நாள் முழுக்க இந்தப் பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடிந்து விறாந்தையில் இருக்கும்போது ஃபோனை நீட்டி, என் பக்கத்தில் என்ன பிழை என்று பார்க்கச் சொன்னேன். வாங்கினாள், பார்த்தாள், ஒரு மூச்சுக்குள் திருப்பித் தந்துவிட்டாள்.

“மச்சான், இதில நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு எனக்கே விளங்கேல்ல. எனக்கு உங்களைத் தெரியும், எண்டாலும் விளங்கேல்ல.”

“முழுக்க வாசிச்சனீங்களா?”

“நான் ஏன் முழுக்க வாசிக்க வேணும்?”

கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. அப்போது என் பக்கத்தில் இருந்த முதல் இரண்டு வரி, தமிழில் சொன்னால், இப்படி: “கடல்சார் துறையில் ஒன்பது வருட அனுபவமுள்ள, அர்ப்பணிப்பும் விளைவு நோக்கும் கொண்ட தொழில்வாண்மையாளர். குழுவாகவும் தனித்தும் வேலை செய்யும் ஆற்றலுடன் சவாலான சூழலில் ஒரு பொறுப்பான பதவியை எதிர்பார்க்கிறேன்.” இதை யார் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதினேன். டிராஃப்ட் சர்வே என்ற சொல் மூன்றாவது பந்தியில் இருந்தது, அதுவும் வேறு ஐந்து வகைச் சர்வேக்களுக்கு நடுவில். மேலே பெயருக்குக் கீழே வருகிற ஒற்றை வரியில் “சர்வேயர்” என்று மட்டும் போட்டிருந்தேன். எங்கள் நாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போன குவான்டிட்டி சர்வேயர்கள் எத்தனை பேர்! இலங்கை, சர்வேயர் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்?

மச்சாள் தன் மடிக்கணினியைத் திறந்து, ரிக்ரூட்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்று காட்டினாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான். அவர்கள் முதலில் என் பக்கத்துக்கு வருவதே இல்லை. ஒரு பட்டியல் வருகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் சின்னப் படம், பெயர், அந்த ஒற்றை வரி, ஊர், இப்போதைய வேலை. அந்த ஒற்றை வரிக்கு 220 எழுத்து வரை இடம் இருந்தாலும் பட்டியலில் அது முழுதாகத் தெரியும் என்று நம்பி எழுதக் கூடாது, பின்பாதி வெட்டுப்பட்டுப் போகலாம். அந்த வரியில் தான் தேடுகிற வேலை தெரிந்தால்தான் உள்ளே வருவார். வந்த பிறகு, நம்மைப் பற்றி நாமே எழுதுகிற About பகுதி. அதில் 2,600 எழுத்து எழுதலாம், ஆனால் திறந்தவுடன் கண்ணில் படுவது மேலே உள்ள இரண்டு மூன்று வரிதான், ஃபோனில் இன்னும் குறைவு. மிச்சம் மடிந்திருக்கும், அழுத்தித் திறக்க வேண்டும். “அந்த மேல் வரியில காரணம் கிடைச்சாத்தான் நான் அழுத்துவன்” என்றாள்.

அந்தப் பட்டியலும் தானாக வருவதில்லை, அவர்கள் எதையோ தட்டித் தேடுகிறார்கள். என் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் என்ன தட்டுவாய் என்று கேட்டேன். அவளுக்கு இந்தத் துறையே தெரியாது. வேலை தருகிற நிறுவனம் அனுப்புகிற குறிப்பில் உள்ள சொற்களை எடுத்துத் தேடுவேன் என்று சொல்லி, நான் சொல்லச் சொல்ல இப்படித் தட்டினாள்:

```
("draft survey" OR "draught survey") AND (bulk OR clinker OR grain)
```

இரண்டு எழுத்துக்கூட்டலையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அமெரிக்கக் கணக்கில் draft, பிரிட்டிஷ் கணக்கில் draught, வேலை விளம்பரங்களில் இரண்டும் வரும். என் பக்கத்தில் ஓரிடத்தில்தான் அந்தச் சொல் இருந்தது, அதுவும் ஒரு எழுத்துக்கூட்டலில் மட்டும். மற்றதைத் தட்டித் தேடுகிறவருக்கு நான் அகப்படாமல் போக நல்ல வாய்ப்பு. இப்போது ஒற்றை வரியிலும் About முதல் வரியிலும் draft, கீழே வேலை அனுபவத்திலும் திறன் பட்டியலிலும் draught. ஒரே வரியில் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதிப் பார்த்தேன். வாசிக்க அசிங்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சரி, இனி எழுத வேண்டியதுதானே என்று அன்றிரவே உட்கார்ந்தேன். முதல் முயற்சி என் சுய பெருமையில் பிறந்தது. மாரிக்காலத்தில் மகாவலித் தண்ணீர் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. அந்த நாட்களில் கடல் தண்ணீர் என்று நினைத்து அடர்த்தியை 1.025 என்றே போட்டால் கணக்குப் பிழைத்துவிடும். உண்மையில் 1.015 இருக்கிற தண்ணீரில் ஐம்பதாயிரம் தொன் நீரை இடம்பெயர்க்கிற கப்பலுக்கு அந்த ஒரு பிழையே கிட்டத்தட்ட 490 தொன். இதை நன்றாகப் புரிந்தவன் நான் என்று காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே ஹைட்ரோஸ்டாட்டிக் அட்டவணை, டிரிம் திருத்தம், அடர்த்தித் திருத்தம் எல்லாவற்றையும் முதல் இரண்டு வரிக்குள் திணித்தேன். என் மேலதிகாரி வாசித்தால் கைகொடுத்திருப்பார்.

மச்சாள் காலையில் தேத்தண்ணியோடு வாசித்துவிட்டு, இது என்ன, கப்பல் கட்டுகிற வேலையா என்று கேட்டாள்.

அப்போது ஒன்று உறைத்தது. முதலில் வாசிக்கிறவர் சர்வேயர் இல்லை. தன்னிடம் இருக்கிற குறிப்பையும் என் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்க்கிறவர். அவருக்குத் தொழிலின் பெயர் தெரியும், எதற்காகச் செய்கிறார்கள் என்று ஓரளவு தெரியும், எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மகாவலிக் கதை நேர்முகத்தில், எதிரே இன்னொரு சர்வேயர் இருக்கும்போது சொல்ல வேண்டியது. இப்போது அது About பகுதியின் அடியில் இரண்டு வரியாக இருக்கிறது. எடுத்து எறிய மனம் வரவில்லை.

இரண்டாவது முயற்சியில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். “கப்பலில் வரும் சரக்கின் எடையைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்கிறேன்.” ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் தொழிலின் பெயர் இல்லை, அதனால் தேடலுக்கும் உதவாது, குறிப்போடும் பொருந்தாது. துறைமுக வாசலில் தராசுப் பாலத்தில் லொறி நிறுக்கிற ஆள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதில்தான் ஒரு வழி பிடிபட்டது. விளங்காதவர்கள் வழக்கமாக என்னிடம் கேட்கிற கேள்விகளை வரிசையாக எழுதினேன். என்ன வேலை? எந்தச் சரக்கில்? எங்கே? எவ்வளவு செய்திருக்கிறாய்? இந்த நாலுக்கும் விடை, அதே வரிசையில், வேறு எதுவும் இல்லாமல். வந்தது இது (ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்): “மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கான டிராஃப்ட் சர்வேயர்: கோதுமை, கிளிங்கர், ஜிப்சம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒன்பது வருடத்தில் 260 கப்பல்களின் சரக்கு எடையை அளந்து அறிக்கை கொடுத்திருக்கிறேன்.”

ஆங்கிலத்தில் முதல் வரியின் முதல் இரண்டு மூன்று சொல்லுக்குள் தொழில் வந்துவிட்டது. “கப்பல்”, “சரக்கு” என்று வந்ததால் காணி அளக்கிறவர் என்றோ கட்டடக் கணக்குப் பார்க்கிறவர் என்றோ ஒருவரும் நினைக்க மாட்டார்கள். கிளிங்கர் தெரியாத ரிக்ரூட்டருக்கும் தன் குறிப்பில் அந்தச் சொல் இருந்தால் கண் அதில் போய் நிற்கும்.

அந்த 260 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வழுக்கி விழப் பார்த்தேன். முதலில் “500க்கு மேற்பட்ட சர்வேக்கள்” என்று எழுதியிருந்தேன், அது பொய்யும் இல்லை. ஒரு கப்பலுக்கு இறக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு தரம் குறி வாசிக்கிறோம், இரண்டையும் தனித்தனியே எண்ணினால் ஐந்நூறு தாண்டும். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அடுத்த கேள்வியாக அதைத்தான் கேட்பார்: கப்பலா, வாசிப்பா? பழைய குறிப்புப் புத்தகங்களையும் அறிக்கைப் பட்டியலையும் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து எண்ணினேன். நான் கூடப்போய்ப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்ற, முதல் வருடத்துக் கப்பல்களைக் கழித்தேன். 263 வந்தது, 260 என்று போட்டேன். இலக்கம் சின்னதானாலும் பரவாயில்லை, எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டால் ஒரே வசனத்தில் விடை சொல்ல முடிய வேண்டும்.

கப்பல்களின் பெயரோ, யாருக்காக அளந்தோம் என்பதோ போடவில்லை. எடை விஷயத்தில் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் கணக்கு வழக்கு இருக்கும், அந்த அறிக்கை எங்களுடையது இல்லை. சரக்கின் வகையும் துறைமுகமும் போதும். பெரிய பெயர்களை முதல் வரியில் போட்டால் எடுபடும் என்று சிலர் சொன்னார்கள். இரகசியம் காக்க வேண்டிய தொழிலில் அந்த வரியே உங்களைப் பிழையாகக் காட்டும் என்பது என் எண்ணம்.

மனதுக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. நான் டிராஃப்ட் மட்டும் செய்வதில்லை. சரக்கறை சுத்தமா என்று பார்க்கிறேன், கப்பலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அளக்கிறேன், சரக்கறை மூடிகளில் தண்ணீர் ஒழுகுமா என்று சோதிக்கிறேன். இவற்றையெல்லாம் கீழே தள்ளினால் அந்த வேலைகள் கைவிட்டுப் போகுமே என்ற பயம். மச்சாளோடு இதில்தான் அதிகம் வாதாடினேன். அவள் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டால் அந்த வரி “மரைன் சர்வேயர்” என்ற பொதுச் சொல்லாகத்தான் மனதில் பதியும், அவற்றில் ஒன்றும் நிற்காது. கடைசியில் மூன்றாவது வரியில், “இவற்றோடு” என்று தொடங்கி மிச்சத்தை எழுதினேன். ஒன்றும் நீக்கப்படவில்லை, வரிசைதான் மாறியது. ஆனால் உங்கள் நாள் உண்மையிலேயே எல்லா வேலைக்கும் சமமாகப் போகிறது என்றால் இந்த வழி சரிவராது. நான் ஒரு மாதத்து வேலையை எழுதிப் பார்த்தேன், ஏறக்குறைய முக்கால்வாசி டிராஃப்ட்தான், அதனால் துணிந்தேன். நாளைக்குக் கப்பல் உடல் சேதம் பார்க்கிற வேலைக்கு மாற நினைத்தால் இதே இரண்டு வரி எனக்கு எதிராகத்தான் வேலை செய்யும், அப்போது மாற்ற வேண்டும்.

பதவிப் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. நிறுவனம் எனக்குக் கடிதத்தில் கொடுத்த பதவி “ஒப்பரேஷன்ஸ் எக்சிகியூட்டிவ்”. அதை அப்படியே போட்டால் பட்டியலில் பார்க்கிறவருக்கு நான் அலுவலகத்தில் மேசை வேலை செய்கிறவன். “டிராஃப்ட் சர்வேயர்” என்று மட்டும் மாற்றினால், நாளைக்கு யாராவது நிறுவனத்திடம் விசாரிக்கும்போது பெயர் பொருந்தாமல் போகும். கடிதத்தில் உள்ளதை முதலில் போட்டு, ஒரு சின்னக் கோடு இழுத்து, பின்னால் டிராஃப்ட் சர்வே, மொத்தச் சரக்கு என்று சேர்த்தேன். இரண்டும் உண்மை.

எழுதிச் சேமித்த பிறகு ஒரு சின்ன விஷயத்தில் ஏமாந்தேன், உங்களுக்கும் நடக்கலாம். முதல் வரிக்குப் பிறகு அழகாக இருக்கட்டும் என்று ஒரு வெற்று வரி விட்டிருந்தேன். கணினியில் நன்றாக இருந்தது. தம்பியின் ஃபோனில் திறந்து பார்த்தால் முதல் வரி தெரிகிறது, அப்புறம் வெறும் இடம், மிச்சம் எல்லாம் மடிப்புக்குள். வெற்று வரியும் ஒரு வரியாகக் கணக்காகிறது. இரண்டு வசனத்தையும் இடைவெளியில்லாமல் ஒட்டி எழுதினேன், சரியாயிற்று. உங்கள் கணக்கில் நுழைந்து உங்கள் கணினியில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், வேறொருவரின் ஃபோனில் பாருங்கள்.

மச்சாள் கொழும்புக்குப் போகும் முன் இன்னொரு சோதனை வைத்தாள். இந்தத் துறை தெரியாத மூன்று பேருக்கு ஃபோனை ஐந்து செக்கன் காட்டு, மடிப்பைத் திறக்காதே, திருப்பி வாங்கிக்கொண்டு நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேள். அம்மா “கப்பல்ல சாமான் நிறுக்கிறது” என்றார், போதும். பக்கத்து வீட்டு ஆசிரியர் “கப்பல் சரக்கு அளக்கிற சர்வேயர்” என்றார், அதைவிட நல்லது. மூன்றாவது என் நண்பன், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். பார்த்துவிட்டு “மச்சான், 260 கப்பலா!” என்றான். வேலை என்ன என்று கேட்டால் தெரியவில்லை. இலக்கம் வேலையை மறைத்துவிட்டது. அவனால்தான் 260ஐ முதல் வரியின் தொடக்கத்திலிருந்து இரண்டாவது வரிக்கு மாற்றினேன். மேலே நான் எழுதிக் காட்டியது மாற்றிய பின் உள்ளது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். செய்திகள் கூடவில்லை, குறைந்தன. முதல் ஆறு கிழமையில் இரண்டே இரண்டு, இரண்டும் என் வேலைக்கானவை. ஒன்று சம்பளத்தில் ஒத்துவரவில்லை. மற்றது ஓமானில் ஒரு துறைமுகத்துக்கு. அந்த ரிக்ரூட்டர் எழுதிய முதல் வசனமே, உங்கள் 260 கப்பலில் கிளிங்கர் எத்தனை என்பதாக இருந்தது. அன்று சீனக்குடாவில் கப்பல் பக்கம் படகுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், அங்கேயே நின்று பதில் எழுதினேன். நேர்முகம் ஒரு மணித்தியாலம். முன்னாள் சர்வேயர் ஒருவர் இருந்தார், கப்பலா வாசிப்பா என்று அவர் கேட்டேவிட்டார். பிறகு பேச்சு அடர்த்திக்கு வந்தது, மகாவலிக் கதையும் சொல்லிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

போன கிழமை மறுபடியும் ஒரு செய்தி: சார்ஜாவில் வீதி வேலை, டோட்டல் ஸ்டேஷன் தெரியுமா? இத்தனை மாற்றிய பிறகும் எப்படி என்று என் பக்கம் முழுக்க மேலிருந்து கீழே தேடினேன். திறன் பட்டியலில், ஏழு வருடத்துக்கு முன் நான் போட்ட Surveying என்ற ஒற்றைச் சொல் அப்படியே இருந்தது, நண்பர்கள் பதினான்கு பேர் அதற்குச் சாட்சியும் சொல்லியிருந்தார்கள். அழித்துவிட்டேன்.